ஓரம் தாண்டிய வரி

தாமரைச்செல்விக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவளே ஒத்துக்கொள்வாள். ஆனால் கடந்த மூன்று வாரமாக வந்த கோபத்துக்கு அவளைக் குறை சொல்ல முடியாது. ஆறு வருடம் மாடாய் உழைத்து எழுதிய ஆய்வேடு, உள்ளே ஒரு எழுத்தைக்கூட யாரும் படிக்காமல் இரண்டு தடவை திரும்பி வந்திருந்தது. காரணம், வலது ஓரத்தில் சில எழுத்துகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

முப்பத்தொன்பது வயது. வண்டியூரில் வீடு. மேலூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் கணினி அறிவியல் ஆசிரியை. கணவன் பேச்சிமுத்து மருந்துக்கடை வைத்திருக்கிறான். காலையில் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கல்லூரிப் பேருந்தில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை விரித்துத்தான் பாதி ஆய்வேட்டை எழுதினாள். அணையின் நீர்மட்டம் நாளைக்கு எவ்வளவு இருக்கும் என்று இன்றைக்கே சொல்லும் ஒரு நிரல். அவளுடைய கணிப்பு 96.8 சதவீதம் சரி. அந்த எண் ஆய்வேட்டின் சுருக்கத்தில் இருந்தது, முடிவுரையில் இருந்தது, பேச்சிமுத்து கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்ளும் பெருமையிலும் இருந்தது.

முனைவர் பட்டப் பதிவுக்காலம் முடியப்போகிறது. ஏற்கெனவே ஒரு தடவை நீட்டிப்பு வாங்கியாயிற்று. இந்த வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் ஏட்டை ஒப்படைக்காவிட்டால் பதிவு ரத்து. ஆறு வருடமும் போச்சு.

பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டுப் பிரிவில் கண்காணிப்பாளர் ஹாலாஸ்யம். நெற்றியில் விபூதி, மேஜையில் ஒரு கண்ணாடி ஸ்கேல். முதல் தடவை போனபோது ஏட்டைப் பிரித்தார், பக்கம் பக்கமாக ஸ்கேலை வைத்தார்.

"இடது பக்கம் முப்பத்தெட்டு மில்லிமீட்டர், சரி. வலது பக்கம் இருபத்தஞ்சு இருக்கணும். இங்க பாருங்க, அறுபத்தொண்ணாவது மேற்கோள்ல வெப்சைட் அட்ரஸ் பதினாலு மில்லிமீட்டர் வெளிய நிக்குது. பின்னிணைப்புல கேக்கவே வேணாம், வரியெல்லாம் தாள் விளிம்புல போய் அறுந்து கெடக்கு."

"சார், அதைத் தவிர மத்ததெல்லாம்..."

"மத்ததப் பாக்க வேற ஆளு இருக்காங்கம்மா. நான் ஓரம் மட்டும்தான் பாப்பேன்."

வழிகாட்டி யேசுதாஸிடம் போய்ப் புலம்பினாள். அவர்தான் வேர்டில் எழுதாதே, அச்சுக்கோக்கும் மென்பொருளான லாடெக்கில் எழுது, சமன்பாடு அழகாக வரும் என்று முதல் வருடமே அடித்துச் சொன்னவர். சமன்பாடுகள் அழகாகத்தான் வந்தன. அழகு பார்த்தவர் இப்போது, "அதெல்லாம் அது தானா மடிச்சுக்கும்மா, நீ எங்கயோ தப்பா குடுத்திருக்க" என்று ஒரே வார்த்தையில் கையைக் கழுவினார்.

தானாக மடியவில்லை. அரசுத் தளத்திலிருந்து எடுத்த அந்த இணைய முகவரியின் வாலில் எண்ணும் எழுத்துமாய் அறுபது குறிகள், நடுவில் ஒரு சாய்கோடோ புள்ளியோ கிடையாது. நிறுத்தக்குறி இருக்கும் இடத்தில்தான் லாடெக் முகவரியை முறிக்கும். முறிக்க இடமே இல்லாத வாலை அப்படியே நீட்டிவிட்டது. தாமரைச்செல்வி நடுவில் ஒரு இடைவெளி தட்டிப் பார்த்தாள். முகவரிக்குள் வரும் இடைவெளியை லாடெக் விழுங்கிவிடும் என்பது அவளுக்குத் தெரியாது. அச்சில் எந்த மாற்றமும் இல்லை. மூன்று இடைவெளி தட்டினாள். மூன்றையும் விழுங்கியது. லேப்டாப்பைத் தூக்கித் தெப்பக்குளத்தில் போடலாமா என்றிருந்தது.

பின்னிணைப்பு இன்னும் மோசம். அங்கே அவளுடைய நிரல் முழுக்க, எழுதியது எழுதியபடி அச்சாக வேண்டும் என்று verbatim சூழலுக்குள் கிடந்தது. எழுதியபடி என்றால் எழுதியபடியேதான். நீள வரியை அது மடிக்காது. ஓரத்தைத் தாண்டும், தாளையும் தாண்டும், தாளுக்கு வெளியே போனது அச்சிலேயே வராது.

பல்கலைக்கழக வாசலில் ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கே இருந்தவர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "இதுக்கா இம்புட்டுக் கவலப்படுறீக? ஃபிட் டு பேஜ் போட்டா எல்லாம் உள்ள வந்துரும்க்கா."

போட்டார். இவளும் நம்பினாள். மொத்தப் பக்கமும் சுருங்கியதே தவிர, வெளியே போன எழுத்து வெளியேதான் இருந்தது. பக்கத்திலேயே இல்லாததை எப்படிச் சுருக்கி உள்ளே கொண்டுவர முடியும்? ஹாலாஸ்யம் ஸ்கேலை வைத்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார். "இடது ஓரம் நாப்பத்தொண்ணு. எழுத்தும் சின்னதாயிருச்சு. போன தடவ வலது பக்கம் மட்டும்தான் தப்பு, இப்ப ரெண்டு பக்கமும் தப்பு." இரண்டாவது தடவையும் ஏடு கைக்கே திரும்பியது.

அன்று வீட்டில் யாரும் அவளோடு பேசவில்லை. பேசினால் என்ன நடக்கும் என்று பேச்சிமுத்துவுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை, வேறு வழியில்லாமல் ஜெர்சனைக் கூப்பிட்டாள். அதே கல்லூரியில் கணிதத்துறை, கோச்சடையிலிருந்து வருகிறவன். மதிய இடைவேளையில் ஆய்வகத்தில் அவள் திரையைப் பார்த்தவன், முதலில் லாடெக் எழுதிவைக்கும் பதிவுக் கோப்பைத் திறந்தான்.

"அக்கா, நூத்திப் பன்னெண்டு எச்சரிக்கை இருக்கு. ஓவர்ஃபுல் ஹெச்பாக்ஸ், ஓவர்ஃபுல் ஹெச்பாக்ஸ்னு கத்திக்கிட்டே இருந்திருக்கு. நீங்க பாக்கவே இல்லையா?"

"பிடிஎஃப் வந்துச்சுல்ல. வந்தா போதாதா?"

"எந்த வரி, எம்புட்டு வெளிய போகுதுன்னு புள்ளிக் கணக்குல சொல்லிருக்கு பாருங்க. இந்த ஒண்ணு முன்னூத்தி நாப்பத்தோரு புள்ளி. அடேயப்பா, கிட்டத்தட்ட பாதி வரி ஓரத்துக்கு வெளிய."

ஆறு வருடமாக எச்சரிக்கைகளைத் தள்ளிவிட்டு வந்தவளுக்கு எரிச்சல்தான் வந்தது. "சரி, வழியச் சொல்லு."

முகவரிக்கு ஒரே வரியில் வேலை முடிந்தது. ஏட்டின் தலைப்பகுதியில் xurl என்ற தொகுப்பைச் சேர்த்தான். இனி எந்த எழுத்துக்குப் பக்கத்திலும் முகவரி முறியலாம். அறுபத்தொன்றாவது மேற்கோள் சமர்த்தாக மூன்று வரியாக மடிந்து உட்கார்ந்தது. தாமரைச்செல்விக்கு மகிழ்ச்சிக்குப் பதில் அழுகை முட்டியது. மூன்று வாரம் இதற்கா?

நிரலுக்கு fvextra என்ற இன்னொரு தொகுப்பு. வகுப்புக்கு மணி அடித்துவிட, "வெர்பாட்டிம்னு இருக்க இடத்துல பக்கத்துல breaklinesனு போடுங்க, அம்புட்டுதான். நான் வாரேன்" என்று ஓடிவிட்டான். போட்டாள். ஒரு வரியும் மடியவில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு நிரலின் தலையிலும் [breaklines] என்ற சொல்லே அச்சாகி நின்றது. எழுதியபடி அச்சிடச் சொன்னாய், அச்சிட்டேன் என்பதுபோல. மாலை பேருந்தில் ஏறும்போது அவனைப் பிடித்து ஒரு பிடி பிடித்தாள்.

"ஐயோ அக்கா, பெரிய V போடணும். சின்ன v பழைய சூழல், அதுக்கு மடிக்கத் தெரியாது. Verbatim. பெரிய V."

பேருந்திலேயே மாற்றினாள். மடிந்தது. மடிந்த ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு குட்டி அம்புக்குறி. பதிவுக் கோப்பில் ஒரு எச்சரிக்கையும் இல்லை. படித்துப் பார்க்க நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. பக்கங்களை வேகமாகத் தள்ளி வலது ஓரத்தை மட்டும் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்றே காலுக்கு ஹாலாஸ்யத்தின் மேஜை முன் நின்றாள். அவர் ஸ்கேலோடு தொடங்கினார். அறுபத்தொன்றாவது மேற்கோளில் தலையாட்டினார். பின்னிணைப்புக்கு வந்தார். ஸ்கேல் ஒரு இடத்தில் நின்றது.

"இது என்னம்மா அம்புக்குறி? அச்சுப் பிழையா?"

"இல்ல சார். மேல் வரியோட தொடர்ச்சின்னு அர்த்தம். நீளமான வரிய மடிச்சிருக்கேன்."

"அப்படியா. போன தடவ இந்த வரி அறுந்து கெடந்துச்சு. இப்ப முழுசா இருக்கு." ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்துக் கடைசிவரை நகர்த்தினார். ஓரத்துக்குள் முடிகிறதா என்று பார்க்கிறவர், முடிகிற சொல்லை வாய்விட்டுப் படித்தார். "ஷஃபிள் ஈக்வல் டு ட்ரூ. சரி, உள்ளதான் இருக்கு."

தாமரைச்செல்வி குனிந்து பார்த்தாள். shuffle=True. ஸ்கேலுக்கு மேலே பளிச்சென்று.

தரவை நாள்வரிசைப்படி வைத்து, கடைசி இரண்டு வருடத்தை நிரலின் கண்ணில் காட்டாமல் ஒளித்து, அதை வைத்துத்தான் சோதித்தேன் என்று ஐந்தாம் அத்தியாயத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். அதற்கு அங்கே False இருக்க வேண்டும். True என்றால் எல்லா நாளையும் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துவிட்டுப் பிரித்திருக்கிறது. அணையின் இன்றைய மட்டம் நேற்றையதைவிட விரல் அளவுதான் மாறும். நேற்றையும் நாளையையும் பார்த்துவிட்ட நிரலுக்கு இன்றையதைச் சொல்ல என்ன சிரமம்? கேள்வித்தாளை முதல் நாளே கையில் கொடுத்துப் பரீட்சை வைத்தது மாதிரி.

எப்போது மாற்றினாள்? சும்மா ஒரு சோதனைக்கு ஒரு நாள் மாற்றியது நினைவில் வந்தது. திருப்பி மாற்ற மறந்திருக்கிறாள். அந்த வாரம்தான் எண்பத்தொன்றில் கிடந்த எண் தொண்ணூற்றாறுக்குத் தாவியது. விடுபட்ட மழை அளவுகளைச் சரிசெய்ததால் வந்த பலன் என்று நம்பி, துறையில் எல்லோருக்கும் அல்வா கொடுத்தாள். அவளும் அச்சில் அந்த வரியைப் பல தடவை பார்த்திருக்கிறாள். யேசுதாஸும் பார்த்திருக்கிறார். ஆனால் அச்சில் அந்த வரி பாதியிலேயே முடிந்திருந்தது.

ஹாலாஸ்யம் கடைசிப் பக்கத்தையும் அளந்து முடித்து, முத்திரையை மைப்பெட்டியில் அழுத்தினார். "ஒரு குறையும் இல்லம்மா. இங்க கையெழுத்துப் போடுங்க."

"சார், கொஞ்சம் இருங்க." அவர் நீட்டிய பேனாவை அவள் வாங்கவில்லை. "குடுத்துருங்க. நான் எடுத்துட்டுப் போறேன்."

"என்னம்மா விளையாடுறீங்களா? மணி மூணே முக்கால். நாலு மணிக்கு மேல பதிவு ரத்தாயிரும்."

"தெரியும் சார். உள்ள இருக்க கணக்கு தப்பு."

"அத யாரு பாக்கப்போறா? நான் பாக்க மாட்டேன். ஏட்டைத் திருத்துற எக்ஸ்டர்னலும் பின்னிணைப்பெல்லாம் புரட்ட மாட்டாரு. இத்தன வருஷமா இந்த நாற்காலியில உக்காந்து சொல்றேன்."

அவர் சொல்வது உண்மை என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் கோபம் கோபமாக வந்தது. இந்த மனிதர் மேல், ஜெர்சன் மேல், மூன்று வாரம் தன்னைப் படுத்தியெடுத்த அந்த ஓரத்தின் மேல். எல்லாவற்றையும்விட, அல்வா கொடுத்த தன் மேல். கை நீட்டி ஏட்டை இழுத்துக்கொண்டாள்.

ஹாலாஸ்யம் முத்திரையைக் கீழே வைத்தார். பிறகு இழுப்பறையைக் குடைந்து ஒரு தாளை எடுத்தார்.

"துணைவேந்தருக்குப் போற சிறப்பு நீட்டிப்பு மனு. கிடைக்கும்னு சொல்ல முடியாது, பத்துல ரெண்டுதான் கிடைக்கும். நாலு மணிக்குள்ள எழுதிக் குடுங்க. காரணம்ங்கிற இடத்துல உடம்பு சரியில்லன்னு போடுங்க, அதுக்குத்தான் இரக்கப்படுவாங்க."

தாமரைச்செல்வி அவர் பேனாவையே வாங்கிக்கொண்டாள். பெயர், பதிவு எண், துறை எல்லாவற்றையும் நிரப்பினாள். காரணத்துக்கு இரண்டு விரல் அகலத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதில், என் ஆய்வின் 96.8 சதவீதம் என்ற முடிவு தவறு, மறுபடி கணக்கிட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மூன்று ஐம்பத்தாறுக்கு மேஜைமேல் வைத்தாள்.