திட்ட விலக்கம் 11.08

கல்லூரியில் அவளுக்கு ‘அரை மார்க்’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, ஆனால் கழிப்பறைக் கதவில் எழுதியிருந்ததை அவளே படித்திருக்கிறாள். படித்துவிட்டுச் சிரித்தாள். புள்ளியியல் விடைத்தாளில் ஒரு பையன் எல்லாவற்றையும் கோட்டைவிட்டிருந்தாலும், எங்கேயாவது ஒரு வரியாவது உருப்படியாக எழுதியிருக்கிறானா என்று தோண்டித் துருவிப் பார்ப்பாள். கிடைத்தால் அரை மார்க். பூஜ்யம் போட அவளுக்குக் கை வராது.

கல்யாணம் கூடி வரவில்லை. வரன் பார்த்துப் பார்த்து எல்லாருக்கும் அலுத்துப்போன பிறகு, அண்ணன் வீட்டு மாடியறை அவளுக்கு என்று ஆனது. அண்ணன் மருந்து கம்பெனிக்காக ஊர் ஊராகச் சுற்றுகிறவர், பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். கீழே அண்ணியும் அண்ணன் மகனும். பையனுக்கு எண் எழுதப் பழக்கியது அவள்தான். ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள், ஒன்றோடு குழம்பக் கூடாதே. வளர்ந்து வேறொரு கல்லூரியில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்த பிறகும் அவன் அப்படித்தான் எழுதினான். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

அன்று காலை அவள் ஆசிரியர் அறையில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தபோது அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. கூடவே ஒரு வரி: ‘அத்தை, பழைய கேள்வித்தாள், அவசரம், ஃப்ரெண்டுக்கு வேணும்.’ மதியம் பரீட்சை என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டைவிட்டுக் கிளம்பியிருந்தான். கடைசி நேரத்திலாவது படிக்கிறானே என்று அவளுக்கு வாயெல்லாம் பல்.

படம் கோணலாக இருந்தது. தாளின் இடது ஓரத்தில் அவனுடைய கட்டைவிரல், கடித்துக் கடித்துத் தேய்ந்த நகத்தோடு. மாவு அடைக்கும் ஆலையில் பைகளின் எடை இயல்நிலைப் பரவலில் இருக்கிறதாம். 10 சதவீதப் பைகள் 487.2 கிராமுக்குக் கீழே. அடுத்த வரி கட்டைவிரலுக்கு அடுத்து ஆரம்பித்தது: 5 சதவீதப் பைகள் 519.6 கிராமுக்கு மேலே. சராசரியும் திட்ட விலக்கமும் என்ன?

அவளுக்குப் பிடித்த கணக்கு இது. சராசரி தெரியாது, விலக்கமும் தெரியாது, ஆனால் இரண்டு முனையிலும் கொஞ்சம் துப்பு இருக்கிறது. கீழ் முனையில் பத்து சதவீதம் என்றால், புள்ளியியல் அட்டவணைப்படி அந்த எடை சராசரிக்கு 1.28 விலக்கம் கீழே நிற்கிறது. மேல் முனையில் ஐந்து சதவீதம் என்றால் 1.645 விலக்கம் மேலே. ஆக இரண்டு எடைகளுக்கும் நடுவே மொத்தம் 2.925 விலக்கம். கிராமில் அந்த இடைவெளி 32.4. வகுத்தால் ஒரு விலக்கம் 11.08 கிராம். அதை 1.28 மடங்காக்கிக் கீழ் எடையோடு கூட்டினால் சராசரி 501.38.

விடை அழகாக இல்லை. இப்படிக் கணக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் முழு எண் வருகிற மாதிரிதான் எண்களைப் பொறுக்குவார்கள். அவளுக்கு லேசாக உறுத்தியது. ஆனால் மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போக வேண்டும். தாளில் எழுதியதைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு எழுந்தாள். பையன் நன்றிகூடச் சொல்லவில்லை. வழக்கம்தானே என்று விட்டுவிட்டாள்.

பரீட்சைகள் முடிந்து, எல்லாக் கல்லூரி விடைத்தாள்களுக்குமான பல்கலைக்கழகத் திருத்தும் முகாம் ஆரம்பித்தது. பெரிய கூடம், நீள மேசைகள், ஆளுக்கு ஒரு கட்டு விடைத்தாள். போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். பேர், ஊர் எதுவும் தாளில் இருக்காது, ரகசிய எண் மட்டும்தான். முதல் வேலையாகக் கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். அவள் புரட்டினாள். ஏழாவது கேள்வியில் மாவு ஆலை.

முதலில் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. பழைய கேள்வியைத் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது, சோம்பேறிகள், என்றுதான் நினைத்தாள். பிறகு இரண்டாவது வரியைப் படித்தாள். 2.5 சதவீதம் என்று இருந்தது. ஐந்து இல்லை. வரியின் தொடக்கத்தில் இரண்டும் புள்ளியும் இருந்தன, ஒரு கட்டைவிரல் அகலத்தில்.

மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். 2.5 என்றால் 1.96 விலக்கம். அதோடு 1.28 சேர்ந்தால் 3.24. இடைவெளி 32.4. விலக்கம் சரியாகப் பத்து, சராசரி சரியாக ஐந்நூறு. அவ்வளவு அழகான விடை. இது பழைய கேள்வித்தாள் இல்லை.

கட்டைப் பிரித்தாள். முதல் தாளில் 11.08. இரண்டாவதில் 11.08, 501.38. மூன்றாவதில் எட்டைத் தப்பாகப் பார்த்து 11.03 என்று எழுதியிருந்தான், காப்பியடிக்கக்கூடத் துப்பில்லாதவன். கேள்வித்தாள் எதிரிலேயே கிடக்கிறது, 2.5 என்று அச்சில் இருக்கிறது, அதைப் பார்க்காமல் எல்லாரும் ஐந்து என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அட்டவணையில் 1.64 இருக்கும், 1.65 இருக்கும். நடுவே உள்ள 1.645-ஐ எடுப்பது அவளுடைய பழக்கம். வரிக்கு வரி அவளுடைய அமைப்பு. அடுத்தவர் எச்சில் தட்டில் தன் சாப்பாட்டைப் பார்க்கிற மாதிரி இருந்தது. கட்டில் பாதிக்கு மேல் இதே கதை.

அடியில் இருந்த ஒரு தாளில் மட்டும் விடை 10, 500. அமைப்பு அவளுடையதுதான், ஆனால் 1.645 இருந்த இடத்தில் 1.96 இருந்தது. 487.2 என்று எழுதியிருந்த இடத்தில் ஏழுக்கு நடுவே ஒரு குறுக்குக் கோடு.

சரியாகப் போட்டுவிட்டானே என்று ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அசிங்கமாகப் பட்டது. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

சாயங்காலம் வீட்டில் அவன் சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கு நீ அனுப்பின படம், எங்கேருந்துடா எடுத்தே?”

அவன் நிமிரவே இல்லை. “ஹால்லேருந்துதான். பரீட்சை காலையிலதான் அத்தை. மதியம்னு சும்மா சொன்னேன்.”

“பழைய கேள்வித்தாள்னியே?”

“அப்படிச் சொல்லலைன்னா போட்டுக் குடுத்திருப்பீங்களா?”

அண்ணி ஒரு சட்டையை உதறினாள். “எல்லாரும்தான் பண்றாங்க. இவன் மட்டும் என்ன உலகத்துல இல்லாததையா பண்ணிட்டான்?”

“எல்லாருக்கும் நீதான் அனுப்பினியா?”

“குரூப்ல போட்டேன். ஆனா நீங்க தப்பாப் போட்டுட்டீங்க அத்தை. அஞ்சுன்னு எடுத்துட்டீங்க. நான் பேப்பரைப் பார்த்து மாத்திக்கிட்டேன். மாத்தறது ஈஸிதான், அந்த முதல் ரெண்டு வரிதான் எனக்கு வராது.”

“தப்புன்னு மத்தவங்ககிட்ட சொல்லலையா?”

இப்போதுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான். இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி ஒரு பார்வை. “எதுக்கு? எல்லாரும் ஒரே மாதிரி சரியா எழுதினா மாட்டிக்குவோம்ல. இப்ப மாட்டினா அவங்க மாட்டுவாங்க. நான் எழுதினதுதான் வேற ஆச்சே.”

அண்ணி சிரித்தேவிட்டாள். “மூளைக்காரன். அத்தை புத்தி அப்படியே வந்திருக்கு.”

அந்த வார்த்தை அவள் மேல் சாக்கடைத் தண்ணீர் மாதிரி விழுந்தது. மாடிக்குப் போனாள். படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தாள். கட்டைவிரலுக்குப் பின்னால் தேர்வுக்கூட மேசையும், நுழைவுச் சீட்டின் ஒரு மூலையும் தெரிந்தன. அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டியவை. கணக்கு பிடித்துப்போனதில் அதையெல்லாம் யார் பார்த்தார்கள்?

அவள் சும்மா இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாள். முறைப்படி பார்த்தால் ஒரு எண்ணைத் தப்பாக எடுத்தவனுக்கு எட்டில் ஆறு போடலாம், எல்லாரும் தேறிவிடுவார்கள். காப்பியடித்திருக்கிறார்கள் என்று மட்டும் எழுதிக்கொடுத்தால் மற்ற பிள்ளைகள் மாட்டுவார்கள், இவன் எட்டுக்கு எட்டு வாங்கிக்கொண்டு வெளியே நிற்பான். விடை எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் இவன் மாட்டுவான். சொன்னால் திருத்துகிற வேலை அன்றோடு சரி, கல்லூரி வேலைக்கும் ஆபத்து. இந்த மாடியறையில் அதற்கப்புறம் ஒரு நாள்கூட இருக்க முடியாது. அண்ணன் ஒருவேளை பொறுத்துக்கொள்வார். அண்ணி மாட்டாள்.

மறுநாள் போனை வாசலில் கொடுக்காமல் உள்ளே கொண்டுபோனாள். தன் அமைப்பு இருந்த தாள்களிலெல்லாம் ஏழாவது கேள்விக்குப் பூஜ்யம் போட்டு, கட்டைத் தூக்கிக்கொண்டு தலைமைத் திருத்துநரின் அறைக்குப் போனாள். ஓய்வுபெற நாள் எண்ணிக்கொண்டிருக்கும் மனிதர், மேசையில் வெற்றுக் கோப்பைகள் வரிசையாக நின்றன. கட்டை அவர் முன்னால் வைத்தாள். அவர் நாலைந்து தாள்களைப் புரட்டிவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“இதென்ன மேடம், பூஜ்யம் போட்டிருக்கீங்க? நீங்களா? முறை சரியாத்தானே இருக்கு. ஆறு போட்டுட்டு விடுங்க. இதைக் கிளறினா தேர்வுக்கூடம், கண்காணிப்பாளர், விசாரணைன்னு போகும். யாருக்கு வேணும் இந்தத் தலைவலி?”

“அவங்க முறை இல்ல சார் இது. இந்த விடையைப் போட்டது நான்.”

அவர் கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டார். அவள் போனைத் திறந்து படத்தையும், தன் கையெழுத்தில் இருந்த விடையையும் காட்டினாள். வந்த நேரமும் போன நேரமும் அதிலேயே இருந்தன. அவர் வெகுநேரம் பார்த்தார். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“மேடம், நான் ஒண்ணும் பார்க்கல. நீங்களும் காட்டல. பசங்க மேல மட்டும் எழுதிக் குடுங்க, அனுப்பி வைக்கிறேன். உங்க பேர் எதுக்கு நடுவுல?”

பல்லைக் காட்டிக்கொண்டு உதவி செய்கிற தோரணையில் சொன்னார். வீட்டில் சோபாவில் கேட்ட அதே பேச்சு, ஆள்தான் வேறு, கொஞ்சம் மரியாதையும் கூட. அவளுக்கு அந்த மேசையை உதைத்துத் தள்ள வேண்டும் போலிருந்தது.

“எழுதிட்டேன் சார். என் பேர்லதான் ஆரம்பிக்குது.” கையெழுத்துப் போட்ட தாளை நீட்டினாள்.

அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு வாங்கினார். அதில் குறித்திருந்த ரகசிய எண்களைக் கட்டோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தார். கடைசித் தாள் வந்ததும் நிறுத்தினார். முன்னும் பின்னும் திருப்பினார்.

“இந்த எண் பட்டியல்ல தப்பா வந்திருக்கே. பத்து, ஐந்நூறு. கட்டுல இவன் ஒருத்தன்தான் சரியாப் போட்டிருக்கான். இவனை ஏன் சேர்த்தீங்க?”

அவள் போனில் இருந்த படத்தின் இடது ஓரத்தை, கடித்த நகம் திரை முழுக்கத் தெரிகிற வரை, பெரிதாக்கி அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

“அந்த விரல் இவனுதுதான் சார். எங்க அண்ணன் பையன்.”