ஒரே மீன்கறிக்கு இரண்டு விலை

நாகர்கோவிலில் நானும் கணவரும் மீன்கறிச் சாப்பாட்டுக் கடை நடத்திய காலத்தில்தான் போனில் சாப்பாடு வாங்கும் ஆப் எங்கள் ஊருக்கு வந்தது. எங்களைச் சேர்க்க வந்த கம்பெனிப் பையன், ஆப்பில் விலையைக் கூட்டிப் போடச் சொன்னான். என் கணவர் கேட்கவில்லை. ஒரே மீனுக்கு இரண்டு விலை வைப்பது கள்ளத்தனம் என்று, கடைச் சுவரில் எழுதியிருந்த நூற்றிருபது ரூபாயையே போட்டார். நல்ல பேரோடு நட்டத்தையும் சேர்த்து வாங்கினோம். நூறு ரூபாய்க்கு விற்றால் இருபதுக்கு மேல் கம்பெனி கமிஷனாக எடுக்கும். அந்தக் கமிஷனுக்கு வரி வேறு. குழம்பு சிந்தாத டப்பாவும் எங்கள் செலவு. ஒரு மாதம் பல்லைக் கடித்தோம். பிறகு நூற்றைம்பது ஆக்கினோம். அப்போதும் சுவர் விலை முழுதாகக் கைக்கு வரவில்லை.

கடை திறந்த நாள் முதல் எங்களிடம் சாப்பிட்டவர் ஒரு பழைய மீன் வியாபாரி. எங்களுக்கு அண்ணாச்சி. அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் கடற்கரையிலிருந்து பத்து வீட்டார் சாப்பிட வருவார்கள். இடுப்பு எலும்பு முறிந்து அவர் வீட்டோடு கிடந்தபோது, மஸ்கட்டிலிருந்த மகன் ஆப்பில் எங்கள் சாப்பாட்டை அனுப்பினான். டெலிவரி கட்டணமும் சேர்ந்த பில்லைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி போன் செய்தார்.

"எனக்க மொவன் கல்ஃபுல இருக்கான்னு தெரிஞ்சுதானே வெலைய ஏத்துன? ஒனக்க கடையில சாப்பிட்டது போதும் மக்கா."

கமிஷனைச் சொன்னேன். டெலிவரிக் காசில் ஒரு பைசா எங்களுக்கு வராது என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் அடுப்பைக் கணவரிடம் விட்டுவிட்டு, தூக்குச்சட்டியில் சோறும் கறியும் எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் பஸ் ஏறினேன். சுவர் விலைதான் வாங்கினேன். அண்ணாச்சி குழம்பை இரண்டாம் முறை ஊற்றிச் சாப்பிட்டார். முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பவில்லை. கூட்டமான மதிய நேரத்தில் தினமும் இப்படி வர எனக்கு முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வாரமே ஆப்பில் பாதி விலை ஆஃபர் வந்தது. டெலிவரியும் இலவசம். தள்ளுபடியில் பாதி எங்கள் தலையில் என்று, சேரும்போதே வாசிக்காமல் ஒத்துக்கொண்டிருந்தோம். அவர் மகனின் ஆர்டரும் வந்தது. அதில் எங்களுக்கு நின்ற காசு, மீன் வாங்கிய விலைக்கே காணாது. கெட்ட வார்த்தை ஒன்று என் வாயில் வந்தது. கணவர் டப்பாவை மூடினார்.

சாப்பிட்டு முடித்ததும் அண்ணாச்சி போன் செய்தார். குரலில் பழைய பிரியம் இருந்தது.

"இப்பம்தான் மக்கா நீ நியாயமா வாங்கியிருக்க. அன்னைக்கு நான் சத்தம் போட்டது நல்லதாப் போச்சு, பாத்தியா?"

சரி அண்ணாச்சி என்றேன்.