பத்தில் ஒருவர்

ஆங்கில நாளிதழின் பிழைதிருத்துநர் அவர். இருபது வருடமாக, சொல்லுக்குச் சொல் உண்மை என்ற பொருள் மறந்து போட்ட ‘லிட்டரலி’ கண்ணில் பட்டாலே அடித்துத் தள்ளுவார். முரண்நகையே இல்லாத வெறும் தற்செயலை ‘ஐரானிக்’ என்றால் எரிந்து விழுவார்.

அன்று மேலாளர் ஒரு அறிவிப்பைத் திருத்தக் கொடுத்தார். ‘நம் பிரிவு லிட்டரலி டெசிமேட் ஆகிறது’ என்றிருந்தது. சிவப்புப் பேனா தானாகத் திறந்துகொண்டது.

“டெசிமேட்னா அடியோட அழியறது இல்லைங்க. பத்துல ஒருத்தரைக் கொல்றதுதான் அதோட பழைய அர்த்தம். ‘ஆள் குறைப்பு’ன்னே எழுதலாம். எத்தனை பேர் போறாங்க?”

“ஒருத்தர்தான் சார்.”

பிரிவில் மொத்தம் பத்துப் பேர். இரண்டு வார்த்தையும் கச்சிதம், கைவைக்க இடமில்லை. வேண்டாவெறுப்பாக ஓரத்தில் ‘சரி’ என்று எழுதினார்.

“யாரு அது?”

“நீங்கதான் சார். ஐரானிக், இல்ல?”

அதையும் அடிக்க வழியில்லாமல் தலையாட்டினார்.