திட்டுகளை வெட்டிய குறிப்புகள்

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கிய சமயத்தில் என் மகளுக்கு அம்மை போட்டது. பாளையங்கோட்டை டியூஷனில் இயற்பியல் சார் நிலைமின்னியல் முழுவதையும் ஒரே மூச்சில் திருப்பிச் சொல்லும் வகுப்பு அவளுக்குத் தவறிவிட்டது. அவள் தோழி டேப் ரெக்கார்டரை முன்பெஞ்சில் வைத்துப் பதிந்து, கேசட்டை எங்கள் தச்சநல்லூர் வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசலோடு கொடுத்துவிட்டுப் போனாள்.

நீண்ட நேரம் கேட்கவோ படிக்கவோ அவளுக்குத் தெம்பில்லை. நானே கேட்டு, சுருக்கி எழுதித் தருவதாகச் சொன்னேன். நான் படித்தது வரலாறு. ஆனாலும் பாடம் எது, பேச்சு எது என்று பிரிக்கத் தெரியாதா? வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி எழுதினேன். சார் பிள்ளைகளைத் திட்டத் தொடங்கினால் நாடாவை வேகமாக ஓட்டிவிடுவேன். அவர் நிறையவே திட்டினார். மூன்று தாளில் முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

வேப்பிலைக்கு நடுவே படுத்திருந்தவள் இரண்டாம் தாளில் வாசிப்பை நிறுத்தினாள்.

"எம்மா, இதைச் சார் எப்படிச் சொன்னாவ?"

மின்னூட்டப்பட்ட உள்ளீடற்ற உலோகக் கோளத்துக்குள் மின்புலம் சுழி. ஆகவே மின்னழுத்தமும் சுழி. அப்படித்தான் எழுதியிருந்தேன்.

"நல்லாத் தெளிவாத்தான் சொன்னாவ. பைய, அன்பா. 'சரிதானலே?'ன்னு கேட்டாவ. எல்லாரும் ஆமான்னாவ."

"அன்பாவா? போச்சு!" என்று எழுந்து உட்கார்ந்தாள். "அவிய அன்பாப் பேசுனா பொய் சொல்லுதாவன்னு அர்த்தம். நம்மள விழத்தாட்டத்தான். அப்புறந்தான் திட்டு. அதுக்குள்ளதான் பாடமே இருக்கும்."

நாடாவைப் பின்னால் ஓட்டிக் கேட்டோம். ஆமாம் என்ற கூட்டுக்குரலுக்குப் பிறகு, நான் ஓட்டிவிட்டிருந்த இடம். அங்கேதான் சார் வெடித்தார்.

"ஏலே, ஆமாவா? ஆட்டு மந்தைகூட ஒண்ணு ரெண்டு விலகி நடக்கும்லே! புலம் சுழின்னா அழுத்தம் மாறலன்னுதான் அர்த்தம். மேற்பரப்புல என்ன உண்டோ, உள்ள எங்கன பாத்தாலும் அதே அழுத்தம். அதை எவம்லே சுழியாக்குனான்?"

என் மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கேட்டிராவிட்டால் அதை அப்படியே மனப்பாடம் செய்திருப்பாள், என் கையெழுத்தை நம்பி.

மூன்று தாளையும் கிழித்துவிட்டு முதலிலிருந்து கேட்டேன். இந்த முறை நாடாவை ஓட்டவில்லை. அன்பான இடங்களுக்கு எதிரே 'பொறி' என்று எழுதினேன். திட்டுகளில் பாடத்தைத் தேடினேன். தாள் ஆறானது.

"சுருக்கம் நீண்டுட்டே" என்றாள்.

"நீண்டா நீளட்டும், படிட்டி."

தேர்வு முடிந்து வெளியே வந்தவளிடம் முதலில் அதைத்தான் கேட்டேன்.

"கோளம் வந்துச்சா?"

"வரல, எம்மா."

பேருந்து நிறுத்தம் வரைக்கும் அவள் வினாத்தாளை என் கையிலேயே வைத்திருந்தேன். வரவில்லைதான். ஒவ்வொரு வரியாகத் திரும்பவும் பார்த்துக்கொண்டே நடந்தேன்.