சாம்பாரில் ஊற்றிய தண்ணி

காந்திபுரம் டவுன்பஸ் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் மெஸ். மத்தியானம் மட்டும்தான் சாப்பாடு. முன்னால் என் வீட்டுக்காரர் காசு வாங்கி டோக்கன் கொடுப்பார். பின்னால் நான் சமைப்பேன். சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. நடுச்சுவரில் தட்டு நீட்ட ஒரு சந்து மட்டும் உண்டு.

எனக்கு அஞ்சாவதோடு படிப்பு நின்றது. எங்கள் கடையைப் பற்றிப் போனில் ஒருவர் எழுதியிருந்ததை மகள்தான் படித்துக் காட்டினாள். துணிக்கடையில் வேலை பார்க்கிறவள், அன்றைக்கு லீவு.

“சாம்பார் இல்லை, மஞ்சள் தண்ணி. கேட்டால் அதட்டுகிறார்கள். பசிக்கு வந்தவர்களை ஏமாற்றும் கடை.” ஒரு ஸ்டார். கீழே தட்டின் போட்டோ. சாதத்தைச் சுற்றித் தண்ணி நிற்பது நன்றாகத் தெரிந்தது.

வீட்டுக்காரர் குதித்தார்.

“எதுத்த கடைக்காரன் வேலைடா இது! பருப்பு நானே நிறுத்து வாங்கிப் போடறேன். தண்ணி சாம்பாராமா?”

அந்தச் சாம்பாரில் வெந்நீர் ஊற்றியது நான்தான்.

ரெண்டு மணிக்கு மேல் பானை அடி தெரியும். அது அவருக்குத் தெரியாது. முன்னால் டோக்கன் போய்க்கொண்டே இருக்கும். காசு கொடுத்து உட்கார்ந்த ஆளை எப்படி எழுப்புவது? பக்கத்து அடுப்பில் வெந்நீர் எப்போதும் கொதிக்கும். ரெண்டு சொம்பு, உப்பு ஒரு கை. வருசக்கணக்கில் இப்படித்தான் ஓட்டினேன்.

அவர் பொள்ளாச்சித் தம்பிக்குப் போன் போட்டார். சாயங்காலத்துக்குள் தம்பி, தம்பி பெண்சாதி, அவர்கள் ஊரார் என்று எல்லோரும் அஞ்சு ஸ்டார். எல்லாரும் ‘சூப்பர்’. எங்கள் கடையில் ஒரு வாய்கூடச் சாப்பிடாதவர்கள். பொய் ஸ்டார் என்று ரெண்டு நாளில் அதில் பாதியைப் போன்காரர்களே எடுத்துவிட்டார்கள். மீதிக்குக் கீழே புதிதாக ஒருவர் எழுதினார்: “சொந்தக்காரங்க ஸ்டார் போட்டா சாம்பார் கெட்டியாகுமா?”

பக்கத்து லாட்ஜிலிருந்து தினமும் வருகிற ஆட்கள் அந்த வாரம் வரவில்லை. தினமும் சோறு மிஞ்சியது. வருகிறவர்களும் தட்டைச் சாய்த்துப் பார்த்தார்கள். கடை வாடகைக்கடை. விட்டுப் போக எங்களுக்கு வேறு இடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் மகளை உட்காரவைத்துப் பதில் சொல்லத் தொடங்கினார்.

“எழுது கண்ணு. டேய் பொய்யா...”

“அப்பா, இது ஊரே படிக்குமுங்க. அந்தாளு ஒருத்தருக்கு இல்லைங்க. புதுசா கடை தேடறவங்க கண்ணுல மொதல்ல இதுதான் படும்.”

“படட்டும்! நெசம் தெரியட்டும்!”

“ஏனுங்க,” என்றேன். “நெசம் நான் சொல்றேனுங்க. தண்ணி ஊத்துனது நாந்தானுங்க.”

அவர் என்னைப் பார்த்தார்.

“எப்பயிருந்து?”

“எப்பவுமேதானுங்க. ரெண்டு மணிக்கு மேல.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“நீங்க டோக்கன நிறுத்தியிருப்பீங்களா?”

அவர் எழுந்தார். வெளியே போய்ப் படியில் நின்றார்.

நான் சொல்லச் சொல்ல மகள் தட்டினாள்.

“ஐயா, நீங்கள் எழுதியது நிஜம். அன்றைக்குச் சாம்பார் தீர்ந்து, வெந்நீர் ஊற்றித்தான் உங்களுக்குக் கொடுத்தேன். அதட்டியதும் தப்பு. சாக்குச் சொல்ல மாட்டேன். இனி சாம்பார் தீர்ந்தால் வாசலிலேயே சொல்வோம். டோக்கன் கொடுக்க மாட்டோம். ரசமும் மோரும் போதும் என்றால் விலை குறைத்துக் கொடுப்போம். சமைக்கிறவள்.”

“மறுபடியும் வாங்கன்னு எழுதட்டுங்களா அம்மா?”

“வேண்டாம். வந்தா அவராகவே வரட்டும்.”

“கடைசில ஒரு சிரிக்கற பொம்மை?”

“பளார்னு ஒண்ணு வெப்பேன்.”

பதில் அந்த ஆள் எழுதியதற்குக் கீழேயே நின்றது. அழிக்க நினைத்தால் அழிக்கலாமாம். ஆனால் படித்தவர்கள் படித்தாகிவிட்டது. வெந்நீர்ச் சொம்பைத் தொட்டால் ஊரே பார்ப்பது போலிருந்தது. முன்பாவது யாருக்கும் தெரியாமல் தப்பு செய்ய முடிந்தது.

எழுதியவர் வரவில்லை. ஒரு ஸ்டாரை மூணாக்கி, “உண்மை சொன்னார்கள்” என்று ரெண்டே வார்த்தை சேர்த்திருந்தார். மற்றவர்கள் வந்தார்கள். “சாம்பார் தீர்றதுக்குள்ள வந்துட்டமுங்க” என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்து நாள் கழித்து, ரெண்டேகாலுக்கு, கல்யாணத் துணி எடுக்க வந்த எட்டுப் பேர் வாசலில் நின்றார்கள். கரண்டியால் அளந்தேன். நாலு பேருக்கு வரும். பக்கத்து அடுப்பில் வெந்நீர் கொதித்தது. கை அதன் பக்கம் போய்த் திரும்பியது.

சந்தில் அவர் முகம் தெரிந்தது. இத்தனை வருசத்தில் முதல் தடவையாகக் கேட்டார்.

“எத்தனை பேருக்கு இருக்குது அம்மணி?”

“நாலுங்க.”

அவர் வாசல் பக்கம் திரும்பினார். “நாலு பேருக்குத்தானுங்க சாம்பாரு. மத்தவங்களுக்கு ரசம், மோரு. வேண்டாம்னா அடுத்த தெருவுல கடை இருக்குதுங்க.”

மூணு பேர் போய்விட்டார்கள். அஞ்சு பேர் உட்கார்ந்தார்கள். நான் அஞ்சாவது தட்டுக்கு ரசத்தைக் கலக்கினேன்.