பழைய போர்டு

“டிசம்பர் 11 அன்று, மருத்துவ விடுப்பில் இருந்த காலத்தில், பாகலூரை அடுத்த எல்லைப் பகுதியில் சரக்கு ஏற்றும் வேலையில் தாங்கள் ஈடுபட்டிருந்தது இணைப்பிலுள்ள புகைப்படத்தின் மூலம் தெரியவருகிறது.”

இது என் எதிர்வீட்டுக்காரருக்கு அவருடைய கம்பெனி கொடுத்த குற்றச்சாட்டுக் கடிதத்தின் இரண்டாவது பத்தி. அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறார். இடுப்பு வலிக்காக டிசம்பர் 8 முதல் பத்து நாள் விடுப்பில் இருந்தார். படத்தில் அவர் ஒரு தக்காளி கிரேட்டைத் தோளில் வைத்து, குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். குற்றம் உறுதியானால் வேலை போய்விடும்.

கடிதத்தை அவர் என்னிடம் கொண்டுவந்தது ஒரு வியாழக்கிழமை. உள்விசாரணை திங்கட்கிழமை. தெருவில் மழை பெய்த நாளெல்லாம் நான் எழுதி வைப்பவன் என்று அவருக்குத் தெரியும். ஓய்வு பெறும்வரை வேறொரு கம்பெனியின் தரப்பிரிவில் பதிவேடுகள் பார்த்தவன். தேதி இல்லாத தாளைக் கண்டால் இன்றும் கை பரபரக்கும்.

“படம் போன வருசத்து ஆயுத பூஜை அண்ணே. மச்சான் வண்டிக்கு ஆள் வரலன்னு நான் கை கொடுத்தேன். வாழக்கன்னு கட்டிருக்கு பாருங்க. அப்படித்தான் பதில் எழுதிக் கொடுத்துட்டேன்.”

எழுதிக் கொடுத்துவிட்டார் என்பதுதான் எனக்கு உறுத்தியது. சரிபார்த்த பிறகு எழுதியிருக்கலாம்.

படம் வாட்ஸ்அப் வழியாகப் பல கை மாறி வந்தது. எடுத்த நேரமோ இடமோ கோப்பில் எதுவும் மிஞ்சவில்லை. படத்துக்குள் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும். முதலில் வெயில். வண்டியின் நிழல் சாலையில் குட்டையாக, விளிம்பு கூர்மையாக விழுந்திருந்தது. வானத்தில் மேகம் இல்லை. என் நோட்டில் டிசம்பர் 11: “காலையில் மூடுபனி. பிறகு மாலைவரை தூறல். வெயில் முகமே இல்லை.” எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அது என் தெருவின் மழை. படம் எடுத்த இடம் அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். அங்கேயும் தூறியது என்று என் நோட்டு சொல்லவில்லை.

அடுத்தது வயல். வண்டிக்குப் பின்னால் ராகி, அறுக்காமல், கதிர் பழுப்பேறி நின்றது. டிசம்பர் நடுவில் எங்கள் பக்கம் பெரும்பாலும் அறுப்பு முடிந்து தாள்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை காலை இருவரும் பைக்கில் கிளம்பினோம். இடுப்பு வலிக்காரரைப் பின்னால் உட்கார வைத்து, ஒவ்வொரு வேகத்தடையிலும் நான் பயந்துகொண்டே ஓட்டினேன். எல்லை தாண்டி, கர்நாடகத்துக்குள் மூன்றாவது திருப்பத்தில், படத்திலிருந்த தண்ணீர்த் தொட்டியைக் கண்டு நிறுத்தினோம். வயல்காரர் மாட்டுக்குத் தாள் போட்டுக்கொண்டிருந்தார். படத்தைக் காட்டினேன்.

“கதிரப் பாத்து தேதி சொல்லுவீங்களா? அப்ப எம் மாட்டப் பாத்து என் வயசச் சொல்லுங்க” என்றார். சிரித்துவிட்டு அவரே விஷயத்துக்கு வந்தார். இந்த வருடம் மழை தள்ளிப்போய் விதைப்பே ஆகஸ்டு கடைசியில்தானாம். டிசம்பர் 11-இல் இந்த வயலில் ராகி நின்றுகொண்டுதான் இருந்தது. அறுத்து ஒரு வாரம்தான் ஆகிறது.

என் இரண்டாவது சாட்சி அங்கேயே விழுந்தது. அதைவிட மோசம், போன வருடம் ஆயுத பூஜை சமயத்தில் இங்கே கதிர் எப்படி இருந்தது என்று கேட்டேன். பச்சையாகத்தான் இருந்திருக்கும், பழுப்பேற இன்னும் ஒரு மாதமாவது வேண்டும் என்றார்.

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வண்டியின் முன்கண்ணாடிக்கு மேலே கட்டியிருந்த ரிப்பன் மஞ்சளும் சிவப்பும். சாலைக்குக் குறுக்கே கட்டிய தோரணமும் அதே இரண்டு நிறம். எல்லையை ஒட்டி இருபது வருடம் குடியிருந்தும் அதை முதலில் கவனிக்காத என்னை நானே திட்டிக்கொண்டேன். அது கர்நாடக மாநிலம் உருவான நாளைக் கொண்டாடும் கன்னட ராஜ்யோத்சவத்தின் கொடி நிறம். நவம்பர் முதல் தேதி தொடங்கி மாதம் முழுக்க ஏதாவது ஒரு வண்டி ஸ்டாண்டில் விழா நடக்கும். வண்டிகளைக் கழுவி, மாலை போட்டு, வாழைக்கன்றும் கட்டுவார்கள். தெற்கிலிருந்து வந்தவருக்கு வண்டியில் வாழைக்கன்று என்றால் ஆயுத பூஜை. அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் கம்பெனியிடம் எழுத்தில் கொடுத்த தேதி தப்பு.

“அப்ப என் பதிலே எனக்கு எதிரா நிக்குதே அண்ணே” என்றார். பைக்கைப் பிடித்தபடி குனிந்து நின்றார். வலியா வேறெதுவுமா தெரியவில்லை.

தோரணத்துக்கும் ஒரு குறை உண்டு. எந்தத் தேதிக்குப் பிறகு என்று சொல்லும், எந்தத் தேதிக்கு முன் என்று சொல்லாது. நவம்பரில் கட்டியதை யாரும் அவிழ்ப்பதில்லை. டிசம்பர் 11-இலும் தொங்கியிருக்கலாம். மிச்சம் இருந்தது படத்தின் ஓரத்தில் பாதி தெரிந்த ஒரு உரக்கடை. படத்தில் அதன் போர்டு பச்சை, ஆங்கில எழுத்து பெரிது, கீழே கன்னடம் சின்னது. எங்கள் முன்னால் இருந்த கடையில் நீல போர்டு, கன்னடம் மேலே பெரிதாக.

கடைக்காரர் தெலுங்கில் போன் பேசி முடித்துவிட்டுத் தமிழுக்கு வந்தார். போர்டு எப்போது மாறியது என்று கேட்டேன்.

“யுகாதிக்கு சார். கன்னடம் பெருசா வேணும்னு சொல்லிட்டே இருந்தாங்க, வெள்ளையடிக்கிறப்போ மாத்திட்டேன்.”

இந்த வருட யுகாதியா என்று மறுபடியும் கேட்டேன். இன்னொரு முறையும் கேட்டேன். அவர் எரிச்சலோடு போனை நோண்டி ஒரு படத்தை நீட்டினார். மாவிலையும் வேப்பிலையும் கட்டிய ஷட்டர், அதற்கு மேல் புது நீல போர்டு, முன்னால் குடும்பம். அவர் போனிலேயே எடுத்த படம். தேதி அப்படியே இருந்தது, இந்த வருடம் யுகாதி அன்று காலை. பழைய பச்சை போர்டு கடைக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகக் கிடந்தது. ஒன்பது மாதம் முன்பே இறங்கிவிட்ட போர்டு டிசம்பர் 11-ஆம் தேதிப் படத்தில் இருக்க முடியாது. மச்சான் வண்டி வாங்கியது போன வருடம் ஆவணியில். அதற்கும் யுகாதிக்கும் நடுவில் இந்த வயலில் ராகி நின்றது போன வருடம் மட்டும்தான், ஆகவே படம் போன வருடத்தது. ராகியையும் தோரணத்தையும் சேர்த்தால், பெரும்பாலும் நவம்பர்.

கடைக்காரர் யுகாதிப் படத்தை அனுப்பி, போர்டு மாறிய நாளை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். நவம்பர் என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள், அவர்கள் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்று எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னேன். திங்கட்கிழமை கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவர், விசாரணை அதிகாரி இரண்டு போர்டுப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார் என்று மட்டும் சொன்னார்.

முடிவு பொங்கல் கழிந்து வந்தது. குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. பதிலில் தவறான தேதி கொடுத்ததற்கு ஓர் எச்சரிக்கை.

அவர் இனிப்போடு வந்தபோது, நவம்பரில் எந்த நாள் என்று கண்டுபிடித்துவிடலாம், அந்த வண்டி ஸ்டாண்டில் விழா நடந்த தேதியைக் கேட்டால் போதும் என்றேன். அவர் டப்பாவை என் கையில் வைத்தார்.

“வேண்டாம்ணே. அந்த நவம்பர்லயும் மூணு நாள் மெடிக்கல் லீவுல இருந்தேன். எந்த மூணு நாள்னு எனக்கே நெனப்பில்ல.”

நான் விழாத் தேதியைக் கேட்கப் போகவில்லை. நோட்டில் அந்தப் படத்துக்கான பக்கத்தில் இப்படி இருக்கிறது: ஆண்டு, சரிபார்க்கப்பட்டது. மாதம், பெரும்பாலும் நவம்பர். நாள், இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.