இருபத்தேழு டொலர் ஐம்பத்தொன்பது சதம்

வங்கிக் கணக்கைத் தொலைபேசியில் பார்க்க எனக்குக் காட்டித் தந்தவள் என் மகள். கடையில் கார்டைத் தட்டிய கையோடு 'டிங்' என்று ஒரு சத்தம் வரும், எவ்வளவு போனது என்று தெரிந்துவிடும். பிறவியிலேயே சந்தேகப் பிராணியான எனக்கு இது போதாதா? மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு கிலோ வெங்காயம் வாங்கினாலும், கடை வாசலில் நின்று தொலைபேசியைப் பார்த்துவிட்டுத்தான் காரை எடுப்பேன். "சிஐடி வேலையை முடிச்சிட்டீங்களோ, போவமோ?" என்பாள் மனைவி.

அந்த மகள் எங்களை விட்டுப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. கணக்கியல் படிப்பை மூன்றாம் வருடத்தில் நிறுத்திவிட்டு, நகரத்தின் நடுவில் ஒரு உணவகத்தில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தாள். படிக்கும்போது பகுதிநேரமாகச் செய்த வேலைதான். அதுதான் பிடித்திருக்கிறது என்றாள். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் பதினொரு வருடம் உணவகங்களின் நிலவறைக் குசினிகளில் நின்று சாப்பாட்டுக் கோப்பை கழுவியவன். என் பிள்ளை அந்தப் பக்கமே போகக் கூடாது என்று எனக்கு நானே சத்தியம் செய்திருந்தேன். அன்று வாயை அடக்க முடியவில்லை.

"ஆக்கள் திண்டுபோட்ட எச்சில் கோப்பை தூக்கவோ உன்னைப் படிப்பிச்சனாங்கள்?" என்று கத்தினேன்.

அவள் கத்தவில்லை. "நீங்கள் கழுவின கோப்பையைத்தானே அப்பா நான் தூக்கிறன்" என்றாள். அந்த வாரமே கோட்-டெ-நெய்ஜில் இரண்டு சிநேகிதிகளோடு ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

தாயோடு மட்டும் தொலைபேசியில் கதைப்பாள். மனைவி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் வெளியில் நின்று என்னவாம் என்று கேட்டால், "உங்கட கதையை அங்கையும் இஞ்சையும் நான் காவித் திரியமாட்டன். வேணுமெண்டால் நீங்களே போய்க் கதையுங்கோ" என்பாள். ஆறு மாதம் வீராப்பாக இருந்தேன். அதற்குப் பேந்து முடியவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

லாசாலில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வியாழக்கிழமை ஓய்வு. ஒரு வியாழன் மதியம், சவரம் செய்து, நல்ல ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு அந்த உணவகத்துக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவள் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு மற்ற எல்லோரிடமும் போவதுபோல் நடந்து வந்து, "பொன்ழூர், மெஸ்யூ" என்றாள். பெற்ற மகள் என்னை 'ஐயா' என்று பிரெஞ்சில் கூப்பிடுகிறாள்! இருபத்திநாலு டொலருக்கு மதியச் சாப்பாடு, சூப்பும் மீனும். மெனுவில் அதையே காட்டினேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்ற இடங்களில் மிஷினே பதினெட்டு வீதமா இருபது வீதமா என்று கழுத்தைப் பிடித்து டிப்ஸ் கேட்கும். அந்த உணவக முதலாளிக்கு அது பிடிக்காதாம். அங்கே சாப்பாட்டுப் பணத்துக்கு மட்டும் கார்டைத் தட்ட வேண்டும். பிறகு ஒரு ரசீதுத் துண்டு வரும். அதில் டிப்ஸுக்கு ஒரு கோடு, மொத்தத்துக்கு ஒரு கோடு, கையெழுத்துக்கு ஒரு கோடு. மத்திய அரசு வரி, மாகாண வரி இரண்டும் சேர்த்து இருபத்தேழு டொலர் ஐம்பத்தொன்பது சதம் தட்டினேன். துண்டில் டிப்ஸ் என்ற இடத்தில் ஐம்பது என்று எழுதினேன். காசாக மேசையில் வைத்திருந்தால் வாசல்வரை ஓடிவந்து திருப்பித் தந்திருப்பாள், அவள் குணம் எனக்குத் தெரியும். கார்டில் எழுதினால் திருப்பித் தர வழியில்லை என்று கணக்குப் போட்டேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு மெட்ரோவுக்கு நடந்தேன்.

தொலைபேசி 27.59 என்று காட்டியது. பக்கத்தில் 'பென்டிங்' என்று இருந்தது. டிப்ஸ் பிந்தித்தான் சேரும் என்று எனக்குத் தெரியும், ஆகவே பொறுத்திருந்தேன். திங்கட்கிழமை பென்டிங் மறைந்து கணக்கு முடிந்தது. முடிந்த தொகையும் 27.59.

எனக்கு மண்டை குழம்பிவிட்டது. ஐம்பது டொலர் எங்கே போனது? போகவில்லை, என்னிடம்தான் இருக்கிறது. அதுதான் பிரச்சினை.

அடுத்த வியாழன் மறுபடி போனேன். அதே சூப், அதே மீன், அதே "மெஸ்யூ". தொகை பெரிது என்று வங்கி மறித்திருக்குமோ என்று நினைத்து இந்த முறை இருபது எழுதினேன். திங்கட்கிழமை 27.59. விட்டேனா? வங்கிக்கே போன் எடுத்தேன். அரைமணி நேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள். அவள் வாழ்நாளில், குறைவாகப் பணம் எடுத்துவிட்டார்கள் என்று முறையிட வந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன் என்று அவள் குரலிலேயே தெரிந்தது. ஆனாலும் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். முதலில் தெரிவது வெறும் அனுமதியாம். உணவகம் பிறகு அனுப்பும் தொகைதான் உண்மையான பற்று. நாங்கள் எதையும் மறிக்கவில்லை, அவர்கள் அனுப்பியதே இவ்வளவுதான், நீங்கள் கையால் எழுதியது எங்கள் கண்ணுக்குத் தெரியாது என்றாள்.

அப்படியென்றால் உணவகத்துக்குள்தான் ஏதோ நடக்கிறது. முதலாளி பிள்ளையின் டிப்ஸை அமுக்குகிறானோ? பிறகு யோசித்தேன். அமுக்குகிறவன் என் கணக்கிலிருந்து எடுத்தல்லவா அமுக்குவான்? எடுக்காமல் விடுகிற கள்ளனை நான் கேள்விப்பட்டதில்லை. மூன்றாம் வியாழன் பத்து டொலர் எழுதிவிட்டு, அவள் குசினிக்குள் போன நேரம் பார்த்து, பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த பெடியனிடம் மெதுவாகக் கேட்டேன். சென்னையிலிருந்து படிக்க வந்தவன். நான் யாரென்று அவனுக்குத் தெரியாது.

"தம்பி, இந்தத் துண்டில எழுதிற டிப்ஸ் எப்பிடி பாங்குக்குப் போகுது?"

"ஷிப்ட் முடியும்போது நாங்கதான் அங்கிள் மிஷின்ல ஒவ்வொண்ணா அடிப்போம். ஸ்லிப்பைப் பார்த்து பார்த்து, எந்த பில்லுக்கு எவ்வளவுன்னு. அப்புறம் எல்லாத்தையும் மொத்தமா அனுப்புவாங்க."

"ஆர் அடிக்கிறது? முதலாளியோ?"

"இல்ல அங்கிள், அந்த டேபிளை யார் பாத்தாங்களோ அவங்களே."

"அவை அடிக்காமல் விட்டால்?"

அவன் சிரித்தான். "முதல்ல தட்டினீங்கல்ல, அதே தொகைதான் போகும். ஆனா கைக்கு வர்ற டிப்ஸை யாரு அங்கிள் வேண்டாம்னு விடுவாங்க?"

எனக்குத் தெரியும் யாரென்று. குசினிக் கதவு திறந்து அவள் வெளியே வந்தாள். நான் துண்டை மேசையில் வைத்துவிட்டு, பார்க்காமல் எழும்பி வந்துவிட்டேன். ஒவ்வொரு வியாழனும் என் கையெழுத்துள்ள துண்டை எடுத்து, ஐம்பதையும் இருபதையும் வாசித்து, என் பில் வந்ததும் ஒன்றும் அடிக்காமல் அடுத்த பில்லுக்குப் போயிருக்கிறாள். திருப்பித் தர வழியில்லை என்று நான் நினைத்தேனே. அன்று மெட்ரோவில் எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் கோபம் போய் வெட்கம் வந்தது. திங்கட்கிழமை 27.59 என்று வந்தபோது ஆச்சரியப்படவில்லை.

நாலாவது வியாழன் போவதா விடுவதா என்று எனக்கே தெரியவில்லை. காலையிலிருந்து மழை. கால்கள் தாமாகப் போய்விட்டன என்றுதான் சொல்ல வேண்டும். உணவகத்தில் அன்று சரியான சனம். ஏதோ அலுவலகத்திலிருந்து ஒரு கூட்டமே வந்திருந்தது. என்னைச் சுவரோரம் ஒரு சின்ன மேசையில் இருத்திவிட்டு அவள் போய்விட்டாள். பார்க்க முகம் கிடைக்கவில்லை, அதனால் வேலையைப் பார்த்தேன்.

நான் இதுவரை ஒருநாளும் பார்க்காததை அன்று பார்த்தேன். இடது கையில் மூன்று கோப்பை, வலது கையில் ஒன்று. ஒரு மேசைக்குப் பிரெஞ்சு, அடுத்ததுக்கு ஆங்கிலம். ஒருவன் மீன் வேகவில்லை என்று சத்தம் போட்டான். இவள் குரலை உயர்த்தவில்லை, குனிந்து இரண்டு சொல் சொன்னாள், அவன் தணிந்து சிரித்தான். எட்டுப் பேர் கேட்ட சாப்பாட்டை எழுதாமலே நினைவு வைத்து, யாருக்கு எது என்று கேட்காமலே வைத்தாள். நான் பதினொரு வருடம் குசினிக்குள் நின்றவன். நல்ல வேலைக்காரரைக் கண்டால் எனக்குத் தெரியும். அந்த நாட்களில் இப்படி ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தால் குசினியே நிம்மதியாக மூச்சுவிடும்.

எனக்கும் சூப் சூடாக வந்தது. பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் காய்ந்த மிளகாய்த் தூள். நான் கேட்கவில்லை. சூப்பில் உறைப்பு இல்லாவிட்டால் எனக்கு இறங்காது என்பது அந்த உணவகத்தில் ஒரு ஆளுக்குத்தான் தெரியும். முன்பும் அந்தக் கிண்ணம் வந்திருக்குமோ? சத்தியமாக எனக்கு நினைவில்லை. அன்று வடிவாகச் சாப்பிட்டேன். மீனும் நல்ல மீன்.

துண்டு வந்தது. பேனையை எடுத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். பிறகு, இந்த ஊரில் வேறு எந்த உணவகத்தில், வேறு எவர் எனக்கு நன்றாகப் பரிமாறியிருந்தாலும் என்ன செய்வேனோ அதைச் செய்தேன். மொன்றியலில் எங்களுக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. பில்லில் உள்ள இரண்டு வரியையும் கூட்டினால் பதினைந்து வீதத்துக்குக் கிட்ட வரும், அதையே டிப்ஸாக எழுதிவிடுவோம். அன்று ஒரு டொலர் இருபதும் இரண்டு டொலர் முப்பத்தொன்பதும். மூன்று டொலர் ஐம்பத்தொன்பது சதம் என்று எழுதி, கூட்டி, கையெழுத்து வைத்தேன். "மெர்சி" என்றேன். அவள் தலையசைத்துவிட்டுத் துண்டை எடுத்துப் போனாள்.

வெள்ளி, சனி, ஞாயிறு பென்டிங் அசையவில்லை. திங்கட்கிழமை தேநீர் இடைவேளையில் தொழிற்சாலைப் படிக்கட்டில் இருந்து தொலைபேசியைத் திறந்தேன். 27.59 அங்கே இல்லை. 31.18 என்று இருந்தது.

மூன்று முறை மூடித் திறந்து பார்த்தேன். அது மாறவில்லை. பக்கத்தில் இருந்தவன் "என்ன அண்ணை, லொத்தர் விழுந்திட்டுதோ?" என்று கேட்டான். "ஓம்" என்றேன். கண் கலங்கியதை மறைக்க முடியவில்லை, மறைக்கவும் விருப்பமில்லை.

பின்னேரம் வீட்டுக்குள் நுழைந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தொலைபேசியை மனைவியிடம் நீட்டினேன். "எடுத்திட்டாள்" என்றேன். அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எண்ணைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எனக்கு வியாழக்கிழமையே தெரியும். வேலை முடிஞ்ச உடனை எனக்குப் போன் எடுத்தவள்."

"என்னவாம்?"

கதை காவித் திரியமாட்டேன் என்று எட்டு மாதம் பிடிவாதமாக இருந்தவள், அன்று முதல் தடவையாக ஒன்றைச் சொன்னாள்.

"'அம்மா, அப்பா இண்டைக்குத்தான் சாப்பிட வந்தவர்' எண்டு சொன்னவள்."